ஆச்சியின் நோட்டில் இருக்கும் ‘நா’: பழைய சமையல் குறிப்பைப் படித்துச் சமைப்பது எப்படி?

எங்கள் வீட்டு மர அலமாரியில் ஆச்சியின் கணக்கு நோட்டு ஒன்று இருக்கிறது. முன்பக்கத்தில் பால் கணக்கும் வண்ணான் கணக்கும், பின்பக்கத்திலிருந்து சமையல் குறிப்புகளும் எழுதப்பட்டிருக்கும். வெளியூரில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகள், சென்ற கார்த்திகையில் அதிலிருந்து முந்திரிக்கொத்துப் பக்கத்தை மட்டும் படம் எடுத்துப் போய்ச் செய்து பார்த்துவிட்டு, “அத்தை, உருண்டையே பிடிக்க முடியல்ல, மணல் மாதிரி உதிருது” என்று தொலைபேசியில் சொன்னாள். அவள் செய்த ஒவ்வொன்றும் நோட்டில் எழுதியிருந்தபடிதான் இருந்தது. எழுதியிருந்ததை அவள் வாசித்த முறையில்தான் பிழை. அந்த ஒரு பக்கத்தை வரிவரியாக அவளுக்கு எப்படி விளக்கினேனோ அதே முறையில் இங்கே எழுதுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்துப் பழைய வீடுகளில் கிடைக்கும் நோட்டுகளில் பெரும்பாலும் இதே சிக்கல்கள்தான் இருக்கும்.

அந்தப் பக்கத்தில் உள்ளது இதுதான்:

“உ. 1112 கார்த்திகை. முந்திரிக்கொத்து. பயறு 2 நா. சர்க்கரை 1 ராத்தல். தேங்காய் 1 முறி. எள்ளு ஒரு கை. ஏலம் வ ரூ எடை. சுக்கு 4 காசுக்கு. பச்சரிசி 1 நா, 5 நா ஊறி இடித்தது. மஞ்சள் ஒரு நுள்ளு. உப்பு பார்த்து. பயறு வறுத்து உடைத்துப் புடைத்துத் திரித்து, பாகு கூடுகிற பதத்தில் விறகை வலித்துவிட்டு, பொடியில் விட்டுச் சூட்டோடு பிடிக்கணும். மாவில் முக்கிப் பொரிக்க. 28 கொத்து வந்தது.”

முதலில் இதை வேறொரு தாளில் எழுத்து மாறாமல் படியெடுத்துக்கொள்ள வேண்டும். பொருள் புரிந்ததுபோல் தோன்றும் சொல்லையும் அந்த நேரத்தில் திருத்தக் கூடாது, ஏனென்றால் நாம் பிழை என்று நினைத்துத் திருத்துவது பல சமயம் சரியான சொல்லாகவே இருக்கும். ‘ணை’, ‘லை’, ‘னை’ போன்றவை 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய கொம்பு வடிவத்தில் இருக்கும். அவசரக் கையெழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளிகள் விடுபட்டிருக்கும். உச்சியில் இருக்கும் ‘உ’ பிள்ளையார் சுழி. தமிழ் எண் இரண்டும் ஏறத்தாழ அதே வடிவம் என்பதால், அதை ஏதோ ஓர் அளவென்று எடுத்துக்கொண்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து ஆண்டைப் பார்க்க வேண்டும். 1112 என்பது கொல்லம் ஆண்டு. ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதி வரை 824-ஐயும், அதன்பின் ஆடி முடிய 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஆகவே இந்தக் குறிப்பு 1936-ஆம் ஆண்டு நவம்பர் அல்லது டிசம்பரில் எழுதப்பட்டது. ஆண்டைத் தெரிந்துகொள்வதால் சமையலுக்கு ஒரு பயன் உண்டு. இந்த ஊர்கள் அன்று திருவிதாங்கூரில் இருந்தவை, 1956 நவம்பர் 1-இல்தான் தமிழ்நாட்டுப் பக்கம் சேர்ந்தவை என்பதால், நோட்டின் அளவுகளும் காசும் திருவிதாங்கூர் வழக்கில் இருக்கும். சென்னை வழக்கின் அளவு அட்டவணையை எடுத்து இதன்மேல் வைத்தால் கணக்குத் தவறும். அண்ணன் மகள் செய்த பிழைகளில் பெரியது இதுதான்.

அவள் ‘நா’ என்பதை நாழி என்று சரியாகவே வாசித்தாள். பின்னர் எங்கோ பார்த்த ஓர் அட்டவணையில், இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, நாழி என்றாலும் படி என்றாலும் ஒன்று என்று இருந்ததை நம்பி, நாழியைப் படியாக எடுத்துக்கொண்டாள். அந்த அட்டவணை அதன் நாட்டுக்குச் சரிதான். ஆனால் எங்கள் பக்கத்தில் நாழி என்பது இடங்கழியில் நான்கில் ஒன்று; பத்து இடங்கழி ஒரு பறை. இந்த நாழி ஒரு பெரிய டம்ளர் அளவுக்குத்தான் இருக்கும், அந்தப் படியோ ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல் கொள்ளும். ஒரே பெயரைத் தாங்கிய இரண்டு அளவுகளுக்கு இடையே ஐந்து மடங்கு வித்தியாசம்.

அதனால் எந்த அட்டவணையையும் நம்பாமல், வீட்டில் பழைய நாழி இருக்கிறதா என்று தேடுவதே முதல் வேலை. எங்கள் வீட்டில் பித்தளை நாழி ஒன்று அரிசிப் பானைக்குள் கிடந்தது. அதைத் தராசில் வைத்து எடையைச் சுழியாக்கிக்கொண்டு, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் எத்தனை கிராம் காட்டுகிறதோ அத்தனை மில்லிலிட்டர் அதன் கொள்ளளவு. எங்கள் நாழி 300 காட்டியது. உங்கள் வீட்டு நாழி சற்றுக் கூடவோ குறையவோ இருக்கலாம், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். உங்கள் நோட்டுக்கு உங்கள் வீட்டு நாழிதான் அளவு. மூங்கில் நாழியாக இருந்தால் தண்ணீர் ஊற்றாமல், பயறையோ அரிசியையோ நிரப்பி எடை பார்ப்பது நல்லது. பழைய மூங்கிலில் வெடிப்பு இருக்கும், தண்ணீர் கசிந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

அளக்கும்போது தலைதட்டி அளப்பதா, கூம்பாக அளப்பதா என்ற கேள்வி வரும். எங்கள் நாழியில் சிறுபயறு தலைதட்டினால் 250 கிராம் நின்றது, கூம்பாகக் குவித்தபோது 20 கிராம்போல் கூடியது. நாழி குறுகலான ஏனம் என்பதால் வித்தியாசம் சிறிதுதான். இந்தப் பலகாரத்துக்குத் தலைதட்டியே எடுத்துக்கொள்ளலாம். அளக்கப்படும் பொருள் எந்த நிலையில் அளக்கப்பட்டது என்பதுதான் இதைவிட முக்கியம். “பச்சரிசி 1 நா … இடித்தது” என்றால் அரிசியாக அளந்து பின் இடிக்க வேண்டும். அரிசி ஒரு நாழி 250 கிராமுக்குச் சற்று மேல் வரும், கடை அரிசிமாவு ஒரு நாழி அதைவிட வெகுவாக இலேசாக இருக்கும். மாவை நாழியில் அளந்தால் மேல்மாவு பற்றாமல் போகும்.

இப்போது அதே வரியில் உள்ள இன்னொரு ‘நா’வைக் கவனிக்க வேண்டும். “1 நா, 5 நா ஊறி” என்பதில் முதலாவது நாழி, இரண்டாவது நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம், ஐந்து நாழிகை இரண்டு மணி நேரம். இடிப்பதற்காக ஊறவைக்கும் பச்சரிசிக்கு அதுவே போதுமான நேரம். சுருக்கெழுத்துக்குப் பின்னால் வரும் வினையைப் பார்த்தால் எது அளவு, எது நேரம் என்பது விளங்கிவிடும். ஊறுவதும் வேகுவதும் ஆறுவதும் நாழிகைக்குரியவை. அளப்பதும் போடுவதும் நாழிக்குரியவை. சில நோட்டுகளில் ‘ஒரு யாமம்’ என்றும் இருக்கும், அது மூன்று மணி நேரம்.

நாழி எது என்று தெரிந்தபின், அந்த அளவு சரிதானா என்று குறிப்பை வைத்தே சோதிக்க முடியும். நோட்டில் ஊருக்கு ஊர் மாறாத அளவு ஒன்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே அது ராத்தல். ராத்தல் என்பது பவுண்டு எடை, ஏறக்குறைய 454 கிராம். நாழி 300 மில்லிலிட்டர் என்றால் பயறு இரண்டு நாழி 500 கிராம், அதற்குச் சர்க்கரை 454 கிராம். பயறும் இனிப்பும் ஏறத்தாழச் சமமாக வருகின்றன; முந்திரிக்கொத்துக்கு இது பொருந்திய விகிதம். அண்ணன் மகளோ பாதி அளவுக்குச் செய்வதாக நினைத்துக்கொண்டு, ஒரு ‘நாழி’ பயறு 1300 கிராமும் அரை ராத்தல் சர்க்கரை 227 கிராமும் எடுத்திருந்தாள். அவ்வளவு பொடிக்கு அந்தப் பாகு ஈரம் தொட்டதுபோல்தான் இருந்திருக்கும், எப்படி உருண்டை பிடிபடும்? வீட்டில் பழைய நாழி காணாமல் போயிருந்தாலும் இதே வழியில் ஏறக்குறைய அதன் அளவைக் கண்டுபிடித்துவிடலாம்.

அவள் எடுத்தது சர்க்கரைகூட அல்ல, வெள்ளைச் சீனி. எங்கள் மாவட்டத்தில் பழைய வழக்கில் சர்க்கரை என்றால் வெல்லம், வெள்ளையாக இருப்பது சீனி. இதை ஒருவர் சொல்லித் தராமல் வெளியூரில் வளர்ந்த பிள்ளைக்குத் தெரிய வழியில்லை. அதேபோல் ‘நல்லமிளகு’ என்றிருந்தால்தான் கறுப்பு மிளகு. வெறுமனே ‘மிளகு’ என்றிருக்கும் குழம்புக் குறிப்பில் அது வத்தல் மிளகாயாக இருக்கலாம், மற்ற சாமான்களைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ‘எண்ணெய்’ என்று மட்டும் எழுதியிருந்தால் தேங்காயெண்ணெய். வேறு எண்ணெயாக இருந்தால்தான் பெயரைச் சேர்த்து எழுதுவார்கள். ‘முறி’ என்பது உடைத்த தேங்காயின் ஒரு பாதி.

ஏலத்தின் வரிக்கு வருவோம். “வ ரூ எடை” என்பதில் ‘வ’ கால் என்பதற்கான பழைய குறி, ‘ரூ எடை’ ரூபாய் நாணயத்தின் எடை. வெள்ளி ரூபாயைத் தராசுத் தட்டில் எடைக்கல்லாகப் போட்டுத் தங்கமும் மருந்துச் சரக்கும் ஏலமும் நிறுத்த காலம் அது. பிரிட்டிஷ் ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் கால் பங்கு ஏறக்குறைய 3 கிராம். ‘வ’வை வெறும் கோடென்று விட்டுவிட்டால் ஏலம் நான்கு மடங்காகி, பலகாரம் மருந்துபோல் மணக்கும். அண்ணன் மகள் அதை ‘ஒரு ரூபாய்க்கு ஏலம்’ என்று வாசித்து, இன்றைக்கு ஒரு ரூபாய்க்கு ஏலக்காய் கிடைக்காதே என்று சிரித்துவிட்டு இரண்டு காய் போட்டிருக்கிறாள்.

ஆனால் “சுக்கு 4 காசுக்கு” என்பது மெய்யாகவே விலைதான். திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். இந்தக் கணக்கைப் போட்டுச் சுக்கின் எடையைக் கண்டுபிடிக்க முயல்வது வீண்வேலை என்பது என் எண்ணம். அன்றைய கடைவிலை கையில் இல்லாமல் அதற்கு விடை கிடையாது. விலையாக எழுதப்பட்ட சாமான் எதுவும் அந்தப் பலகாரத்தின் உடலை நிறுத்துவதாக இருக்காது, மணத்துக்குச் சேர்ப்பதாகத்தான் இருக்கும். அரை கிலோ பயறுக்குச் சுண்டுவிரல் நுனியளவு சுக்குத் துண்டு ஒன்றைத் தட்டிப் போட்டு, சுவை பார்த்து அடுத்த முறை கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். ஒரு கை எள்ளுக்கு 20 கிராம் போதும். உப்பு எழுதியிருக்கும் இடமெல்லாம் அது கல்லுப்பு. பொடியுப்பு அதே கரண்டியில் கூடுதலாக அடங்கும் என்பதால் குறைத்துப் போட வேண்டும்.

கடைசி வரியைப் பலர் பெருமைக்கு எழுதியதாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். “28 கொத்து வந்தது” என்பதிலிருந்துதான் உருண்டையின் அளவு கிடைக்கிறது. மூன்று உருண்டை சேர்ந்தது ஒரு கொத்து, ஆகவே மொத்தம் 84 உருண்டை. தோல் நீங்கிய பயற்றம்பொடி, பாகு, வறுத்த தேங்காய், எள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒரு கிலோ வரும். 84-ஆல் வகுத்தால் உருண்டை ஒன்று 12 கிராம், சிறிய நெல்லிக்காய் அளவு. முதல் இரண்டு உருண்டையை மட்டும் நிறுத்துப் பார்த்துக்கொண்டால் பிறகு கை தானாகப் பழகிவிடும்.

இனிச் செய்முறை. புதிதாகச் செய்பவர் முதலில் கால் பங்குதான் செய்ய வேண்டும்: பயறு 125 கிராம், வெல்லம் 113 கிராம், தேங்காய் முறியில் கால் பங்குத் துருவல், பச்சரிசி 60 முதல் 65 கிராம். ஏழு கொத்துக் கிடைக்கும். கெட்டாலும் நட்டம் சிறிது.

பயறைச் சிறுதீயில் கைவிடாமல் கிளறி வறுக்க வேண்டும். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது, ஏனென்றால் பச்சைத் தோலுக்குள் பருப்பு சிவப்பது வெளியே தெரியாது. இரண்டு மணியை எடுத்து ஆறவிட்டுக் கடித்தால் நறுக்கென்று உடைய வேண்டும், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். “உடைத்துப் புடைத்து” என்பது, வறுத்த பயறைத் திருகையில் இட்டு இரண்டாக உடைத்து, முறத்தில் தோலைப் புடைத்து நீக்குவது. மிக்சியில் இதைச் செய்யலாம்: நன்றாக ஆறியபின் ஒன்றிரண்டு முறை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றி, முறத்தில் புடைத்து, பின் மறுபடி சுற்ற வேண்டும். “திரித்து” என்பது ரவைக்குச் சற்றுக் கீழான பொடி. மாவுபோல் அரைத்தால் உருண்டை களிபோல் அடைந்துவிடும். தேங்காய்த் துருவலை ஈரம் முழுவதும் போகச் சிவக்க வறுக்க வேண்டும். நோட்டில் இது எழுதப்படவில்லை. தேங்காயை வறுக்காமல் போடுவார்கள் என்றே ஆச்சிக்குத் தோன்றியிராது. பலகாரம் மூன்றாம் நாளே சிக்கடித்தால் காரணம் பெரும்பாலும் இந்தத் தேங்காய்தான். எள்ளையும் பொரியும் வரை வறுத்து, சுக்கு ஏலத்தோடு பொடியில் கலந்து வைத்துக்கொள்ளலாம்.

வெல்லத்தை அது நனையும் அளவு தண்ணீரில் கரைத்து, வடிகட்டி மண்ணை நீக்கி, மீண்டும் அடுப்பில் வைக்க வேண்டும். “பாகு கூடுகிற பதம்” என்பதை எங்கள் அம்மை இப்படிக் காட்டித் தந்தார்: கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகை விட்டால் அது கரைந்து ஓடாமல் அடியில் ஒன்றுகூடி நிற்க வேண்டும், விரலால் தள்ளினால் இளக்கமாக நகர வேண்டும். இரண்டு விரலுக்கிடையே தொட்டு இழுத்தால் ஒற்றைக் கம்பி நிற்கும். வெப்பமானி இருந்தால் 106 டிகிரியிலிருந்து 112 டிகிரிக்குள் இருக்கும். ஆனால் வெல்லத்துக்கு வெல்லம் தரம் மாறும் என்பதால் கிண்ணத்துத் தண்ணீரையே நான் நம்புவேன். சொட்டு உருட்டும்படி கெட்டியாகிவிட்டால் பதம் கடந்துவிட்டது. “விறகை வலித்துவிட்டு” என்பது அந்த நொடியில் எரியும் விறகை வெளியே இழுப்பது. அடுப்பில் கனலும் சட்டியில் சூடும் மிச்சமிருக்கும், அந்தச் சூட்டிலும் பாகு ஏறும். எரிவாயு அடுப்பில் அடி கனத்த பாத்திரம் வைத்திருந்தால் இது இன்னும் கூடுதலாக நடக்கும், ஆகவே பதம் வருவதற்குச் சற்று முன்பே அணைத்து இறக்குவது நல்லது.

பாகை ஒரேயடியாகக் கவிழ்க்காமல் முக்கால் பங்கை முதலில் பொடியில் விட்டுக் கிளறி, பிடித்துப் பார்த்து மீதியைச் சேர்க்க வேண்டும். கை தாங்கும் சூட்டிலேயே பிடித்துவிட வேண்டும். ஆறியபின் உதிர ஆரம்பித்தால், பாகு முத்திப்போனது என்று பொருள்; ஒரு தேக்கரண்டி வெந்நீரைத் தெளித்துப் பிசைந்தால் ஓரளவுக்கு மீட்கலாம். மாறாக, பிடித்த உருண்டை தட்டில் பரந்து அமர்ந்து மேலே வேர்த்தால் பாகு இளசு. அதற்கு மேலும் பயற்றம்பொடி சேர்க்கலாம். ஆனால் அது நெடுநாள் நிற்காது, இரண்டு நாளில் தின்றுவிட வேண்டியதுதான். சரியாக வந்த உருண்டை ஒரு மணி நேரத்தில் இறுகி, ஒன்றோடொன்று தட்டினால் மெல்லிய ஓசை தரும். அப்போதுதான் மேல்மாவுக்குப் போக வேண்டும்.

ஊறிய அரிசியை வடித்து, ஈரம் தொட்டும் தொடாமலும் இருக்கும் பக்குவத்தில் இடித்து அரிப்பில் அரித்த மாவில் மஞ்சளும் உப்பும் சேர்த்துக் கரைக்க வேண்டும். தோசை மாவைவிடச் சற்றுக் கெட்டியாக, முக்கி எடுத்த விரலின்மேல் படர்ந்து நிற்கும்படி இருந்தால் போதும். மூன்று உருண்டையைச் சேர்த்துப் பிடித்து முக்கித் தேங்காயெண்ணெயில் விட வேண்டும். எண்ணெயில் ஒரு சொட்டு மாவை விட்டால் உடனே மேலே வர வேண்டும். அடியில் தங்கினால் காயவில்லை, விட்ட நொடியில் சிவந்தால் கூடிவிட்டது. எண்ணெய் காயாமல் போட்டால் மேல்மாவு பிரிந்து, உள்ளிருக்கும் வெல்லம் கசிந்து எண்ணெயே கறுத்துவிடும். மேலே மஞ்சள் மாறாமல் மொறுமொறுப்பானதும் எடுத்துவிட வேண்டும். உள்ளே இருப்பதெல்லாம் ஏற்கெனவே வெந்தவை, வேகவைப்பதற்காக நேரம் கொடுக்க வேண்டியதில்லை.

அண்ணன் மகள் இரண்டாவது முறை கால் பங்குதான் செய்தாள். உருண்டை 21 வந்தது, கொத்து ஏழு. அதில் ஒன்று எண்ணெயில் பிரிந்துபோனது, அந்த மூன்றையும் கடைசியாகப் பிடித்தபோது சூடு ஆறியிருந்ததாகச் சொன்னாள். ஆச்சியின் பக்கத்தைப் படியெடுத்த தாளில், மூலத்தின் ஒவ்வொரு வரிக்கும் நேராகத் தன் கிராம் கணக்கையும், வீட்டு நாழி 300 மில்லிலிட்டர் என்பதையும், செய்த தேதியையும் எழுதி, நோட்டுக்குள் அதே பக்கத்தில் செருகி வைத்திருக்கிறாள். சுக்குக்கு நேராக மட்டும் இடம் விட்டிருக்கிறாள்.